ஒரே கோப்பு, மூன்று வேலைகள்

டேட்டா சயின்ஸா, சாஃப்ட்வேர் இன்ஜினியரிங்கா, ஏஐ ஆராய்ச்சியா என்று இறுதியாண்டில் குழம்பும் மாணவர் முதலில் தேடிப் பிடிப்பது, ஒவ்வொன்றுக்கும் என்னென்ன படிக்க வேண்டும் என்ற பட்டியலைத்தான். அந்தப் பட்டியல்களை அருகருகே வைத்துப் பாருங்கள். மூன்றிலும் பைத்தான் இருக்கும், கொஞ்சம் கணிதம் இருக்கும், மெஷின் லேர்னிங் என்ற சொல்லும் இருக்கும். அவற்றைக் கொண்டு இந்த வேலைகளைப் பிரித்தறிய முடியாது. காலையில் வந்து உட்காருகிறவர் மாலைவரை எதோடு மல்லுக்கட்டுகிறார், எது நடந்தால் அவர் வேலை முடிந்ததாகக் கணக்கு என்று பார்த்தால்தான் வித்தியாசம் பிடிபடும். ஒரே பிரச்சினையை மூன்று பேரிடமும் கொடுத்துப் பார்ப்போம்.

கேகிள் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு கோப்பு இருக்கிறது. பிரேசில் நாட்டின் விட்டோரியா நகரத்தில், 2016இல் பொது மருத்துவமனைகளில் டாக்டரைப் பார்க்க முன்பதிவு செய்தவர்களின் விவரம் அது. மொத்தம் 1,10,527 பதிவுகள். எப்போது பதிவு செய்தார், எந்த நாளுக்கு, வயது என்ன, எந்தப் பகுதி, சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உண்டா, நினைவூட்டும் எஸ்எம்எஸ் போனதா, கடைசியில் வந்தாரா இல்லையா என்று ஒவ்வொரு வரியிலும் இருக்கும். ஐந்தில் ஒருவர் வரவில்லை. டாக்டரின் நேரம் வீணாகிறது, அந்த நேரத்தில் வந்திருக்கக்கூடிய இன்னொரு நோயாளிக்கு இடம் கிடைக்காமல் போகிறது. இதைக் குறைக்க வேண்டும் என்பதுதான் பிரச்சினை.

முதலில் டேட்டா சயின்டிஸ்ட். கோப்பைத் திறந்ததும் அவருக்கு வரும் முதல் சோதனை ஒரு சொல்லில் ஒளிந்திருக்கிறது. கடைசி நெடுவரிசையின் பெயர் `No-show`. அதில் `No` என்றிருந்தால் வரவில்லை என்று பொருள் அல்ல. வந்தார் என்று பொருள். இதைத் தலைகீழாகப் படித்துவிட்டு அழகான வரைபடங்கள் போட்டு முடித்தவர்கள் உண்டு. ஓரிடத்தில் வயது -1 என்று இருக்கும். பதிவு செய்த நேரம் மணி, நிமிடத்தோடு இருக்கும். டாக்டரைப் பார்க்கும் நாளுக்கோ எப்போதும் நள்ளிரவு 00:00 என்றே இருக்கும். அதனால் அன்றைக்கே பதிவு செய்து அன்றைக்கே டாக்டரைப் பார்த்தவர், பார்த்துவிட்ட பிறகு பதிவு செய்தவர்போலத் தெரிவார். இவற்றையெல்லாம் கண்டுபிடித்துச் சரிசெய்யவே முதல் இரண்டு நாள் போய்விடும்.

அதன்பிறகு மருத்துவமனை நிர்வாகம் கேட்கும் கேள்வி எளிமையானது: எஸ்எம்எஸ் அனுப்புவதால் பயன் உண்டா? கணக்குப் போட்டால் அதிர்ச்சியாக இருக்கும். எஸ்எம்எஸ் போகாதவர்களில் நூற்றுக்கு சுமார் 17 பேர் வரவில்லை. போனவர்களிலோ சுமார் 28 பேர் வரவில்லை. அப்படியானால் எஸ்எம்எஸ் அனுப்புவதை நிறுத்திவிடலாமா?

நல்ல டேட்டா சயின்டிஸ்ட் இங்கேதான் நிற்பார். யாருக்கு எஸ்எம்எஸ் போயிருக்கிறது என்று தேடுவார். பதிவு செய்த நாளுக்கும் டாக்டரைப் பார்க்கும் நாளுக்கும் மூன்று நாளாவது இடைவெளி இருந்தவர்களுக்குத்தான் போயிருக்கிறது. அன்றைக்கே வந்து அன்றைக்கே பார்த்தவர்களுக்குப் போகவே இல்லை. அவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவானவர்களே பார்க்காமல் போயிருக்கிறார்கள். எஸ்எம்எஸ் போகாத கூட்டத்தின் சராசரியை நல்லதாகக் காட்டுவது இவர்கள்தான். ஆகவே மூன்று நாளும் அதற்கு மேலும் காத்திருந்தவர்களை மட்டும் எடுத்து ஒப்பிட வேண்டும்.

```python
import pandas as pd
df = pd.read_csv("KaggleV2-May-2016.csv")
df["missed"] = df["No-show"] == "Yes"
s = pd.to_datetime(df["ScheduledDay"]).dt.normalize()
a = pd.to_datetime(df["AppointmentDay"]).dt.normalize()
df["gap"] = (a - s).dt.days
print(df[df["gap"] >= 3].groupby("SMS_received")["missed"].mean())
```

இப்போது கணக்கு திரும்பிவிடும். எஸ்எம்எஸ் போனவர்களில் அதே 28 பேர். போகாதவர்களில் ஏறக்குறைய 33 பேர். எஸ்எம்எஸ் உதவியிருக்கலாம் என்றுதான் இப்போது தோன்றுகிறது. "உதவியது" என்று அடித்துச் சொல்ல அப்போதும் முடியாது. இந்தக் கூட்டத்துக்குள்ளும் சிலருக்கு ஏன் போகவில்லை என்று கோப்பில் இல்லை. கைபேசி எண்ணே தராதவர்களாக இருக்கலாம். உறுதியாகச் சொல்ல வேண்டுமென்றால் குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு மட்டும் அனுப்பிப் பார்க்க வேண்டும். இதை நிர்வாகத்துக்குப் புரியும்படி ஒரு பக்கத்தில் எழுதி, அவர்கள் ஒரு முடிவு எடுக்கும்போதுதான் டேட்டா சயின்டிஸ்டின் வேலை முடிகிறது.

யார் வரமாட்டார் என்று முன்கூட்டியே சொல்லும் மாடல் எங்கே என்று கேட்பீர்கள். அதுவும் செய்வார்கள்; ஆனால் அது இந்த வேலையில் ஒரு பகுதிதான், அதிலும் பொறிகள் உண்டு. "எல்லோரும் வருவார்கள்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் மாடல்கூட இந்தக் கோப்பில் 80 சதவீதம் சரியாக இருக்கும். ஆகவே 81 சதவீதம் என்று பெருமைப்பட ஒன்றுமில்லை. 1,10,527 பதிவுகள் இருந்தாலும் ஆட்கள் ஏறக்குறைய 62,000 பேர்தான். பலர் திரும்பத் திரும்ப வந்திருக்கிறார்கள். பதிவுகளைக் கலைத்துப் பாதியில் பயிற்சியும் மீதியில் சோதனையும் செய்தால், ஒரே ஆள் இரண்டு பக்கமும் இருப்பார். மாடல் அவரை ஏற்கெனவே பார்த்திருக்கும். சோதனையில் கிடைத்த மதிப்பெண் நிஜத்தில் கிடைக்காது. வளாக நேர்காணலில் மெய்யான டேட்டா வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் கேட்பது இந்த மாதிரிக் கேள்விகளைத்தான்.

இனி சாஃப்ட்வேர் இன்ஜினியர். மதுரையில் ஒரு மருத்துவமனை இதே ஏற்பாட்டைக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம்: நாளைக்கு வரவேண்டிய 900 பேருக்கும் தினமும் எஸ்எம்எஸ் போக வேண்டும். எஸ்எம்எஸ் அனுப்பும் புரோகிராமை இரண்டாம் ஆண்டு மாணவரே ஒரு மாலையில் எழுதிவிடுவார். கோட் எழுதித் தரும் ஏஐ கருவிகள் அதை இன்னும் வேகமாக எழுதும். வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

ஒருநாள் 400 பேருக்கு அனுப்பிய பிறகு சர்வர் நின்றுவிடுகிறது. மறுபடி ஓட்டினால் முதல் 400 பேருக்கும் இரண்டாவது முறை போகும். இதைத் தடுக்க, யாருக்கு எந்தச் செய்தி போனது என்று டேட்டாபேஸில் குறித்துவைத்து, ஒரே முன்பதிவு எண்ணுக்கு இரண்டு குறிப்பு விழாதபடி கட்டுப்பாடு போட வேண்டும். அப்போதும் ஒரு ஓட்டை மிஞ்சும். செய்தி போன அடுத்த நொடியில், குறித்துவைப்பதற்கு முன்பே சர்வர் நின்றால்? முதலில் குறித்துவிட்டுப் பிறகு அனுப்பலாம் என்றால், குறித்தபின் நின்றுபோனால் அவருக்குச் செய்தியே போகாது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். நினைவூட்டல் இரண்டு முறை போனால் எரிச்சல். ஒரு முறையும் போகாவிட்டால் ஒருவர் டாக்டரைப் பார்க்காமல் விடுவார். ஆகவே இங்கே முதலில் அனுப்பிவிட்டுக் குறிப்பதே சரி. பணம் அனுப்பும் செயலி என்றால் முடிவு நேர் எதிராக இருக்கும்.

பிறகு கடிகாரம். சர்வர்கள் பெரும்பாலும் யுடிசி நேரத்தில் ஓடும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். நள்ளிரவு தாண்டி பன்னிரண்டரைக்கு இந்தப் புரோகிராம் ஓடினால், சர்வர் கணக்கில் இன்னும் முந்தைய நாள் இரவு ஏழு மணிதான். அது "நாளை" என்று எடுப்பது நமக்கு இன்று. பகலில் சோதித்துப் பார்த்தபோதெல்லாம் சரியாகவே ஓடியிருக்கும்.

இன்னொன்று, செய்தியின் நீளம். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்து அடங்கும். தமிழில் 70தான். அந்த 70இலும் மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் குறியும் தனித்தனியாக எண்ணப்படும். "தமிழ்" என்ற மூன்றெழுத்துச் சொல்லுக்கு ஐந்து இடம் போய்விடும். டாக்டர் பெயர், நாள், நேரம், மருத்துவமனைப் பெயர் எல்லாம் போட்டால் ஒரு செய்தி இரண்டாக உடையும், செலவும் இரட்டிப்பாகும். சொற்களைச் சுருக்குவதா, செலவை ஏற்பதா என்று மருத்துவமனையோடு பேசித் தீர்மானிப்பதும் இன்ஜினியரின் பொறுப்பு. ஆறு மாதம் யாரும் கைவைக்காமல் அது ஓடிக்கொண்டிருந்தால், அடுத்து வரும் இன்ஜினியர் அந்தக் கோடைப் படித்துப் புரிந்துகொள்ள முடிந்தால், இவர் வேலை முடிந்தது. இதில் கிடைக்கும் திருப்தி வேறு மாதிரியானது. கேள்விக்கு விடை தேடுவதைவிட, ஒன்றைக் கட்டி நிறுத்துவதில் மனம் போகிறவர்களுக்கு இதைப்போல் வேலை இல்லை என்பது என் எண்ணம்.

மூன்றாமவர் ஆராய்ச்சியாளர். மேலே சொன்ன இரண்டு வேலைகளிலும் அவருக்கு இடமில்லை. அவற்றுக்கு விடைகள் ஏற்கெனவே தெரியும். அவர் வேலை, யாருக்கும் விடை தெரியாத இடத்தில் தொடங்குகிறது. மருத்துவமனை அனுப்பிய எஸ்எம்எஸ்ஸுக்கு நோயாளிகள் பதில் அனுப்புகிறார்கள் என்று வையுங்கள். அவர்களில் பலர் தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்டுவார்கள். `varala` என்றால் வரவில்லை. `varalam` என்றால் வரலாம். ஓர் எழுத்தில் பொருள் தலைகீழ். போதாக்குறைக்கு `varalaam`, `varla` என்று ஆளுக்கு ஒரு விதமாக எழுதுவார்கள்.

இன்றைய மொழி மாடல்கள் சொல்லை அப்படியே வாங்கிக்கொள்வதில்லை. டோக்கன் எனப்படும் துண்டுகளாக வெட்டித்தான் வாங்குகின்றன. அடிக்கடி பார்த்த ஆங்கிலச் சொல் ஒரே துண்டாகப் போகும். அரிதாகப் பார்த்த சொல் சிதறும். தமிழ் எழுத்தில் எழுதினாலும் இந்தச் சிக்கல் உண்டு: யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் எடுத்துக்கொள்கிறது, "தமிழ்" என்பது கணினிக்கு 15 பைட். பைட்டுகளை அடிப்படையாகக் கொண்டு வெட்டும் மாடலில் ஓர் எழுத்தே துண்டாகிப் போகலாம். இந்த வெட்டு முறைதான் `varala`வையும் `varalam`ஐயும் மாடல் குழப்பிக்கொள்ளக் காரணமா, வேறு விதமாக வெட்டினால் குழப்பம் குறையுமா? இது ஓர் ஆராய்ச்சிக் கேள்வி. தமிழும் ஆங்கிலமும் கலந்த எழுத்தைப் பற்றியும், இந்திய மொழிகளுக்கான மாடல்களைப் பற்றியும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. சென்னை ஐஐடியில் இயங்கும் ஏஐ4பாரத் குழு அதில் முக்கியமானது.

ஆராய்ச்சியாளரின் நாள் எப்படிப் போகும்? முதல் சில வாரங்கள், மற்றவர்கள் ஏற்கெனவே செய்ததைப் படிப்பதில். அடுத்தது அவர்கள் வெளியிட்ட முடிவை அப்படியே திரும்பக் கொண்டுவருவதில். இதுவே பலமுறை இழுத்தடிக்கும். பிறகு ஒரே ஒரு மாற்றத்தைச் செய்து ஓட்டிப் பார்ப்பார். மதிப்பெண் இரண்டு புள்ளி கூடுகிறது என்று வைப்போம். உடனே கட்டுரை எழுதிவிட முடியாது. மாடல் பயிற்சி தற்செயலான ஒரு தொடக்கத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறது. அந்தத் தொடக்கத்தைத் தீர்மானிக்கும் விதை எண்ணை மாற்றி ஐந்து முறை ஓட்ட வேண்டும். அதில் இரண்டு முறை கூடி, மூன்று முறை குறைந்தால், முதலில் கிடைத்த இரண்டு புள்ளி வெறும் அதிர்ஷ்டம். மூன்று மாத உழைப்பு அங்கே நின்றுவிடும். ஏன் நின்றது என்று யோசித்து அடுத்த கேள்வியை எழுப்புகிறவர்தான் இதில் நிலைப்பார். கட்டுரை எழுதிக் கருத்தரங்குக்கு அனுப்பிய பிறகும் அது திரும்பி வரலாம். நல்ல ஆராய்ச்சியாளர்களுக்கும் இது வாடிக்கை. மாதக்கணக்கில் கையில் ஒன்றும் கிடைக்காமல் இருந்தாலும் கேள்வி உங்களை விடாமல் பிடித்திழுத்தால் மட்டும் இந்தப் பக்கம் வாருங்கள். மாடல்களைப் பயன்படுத்தி ஒரு செயலி செய்வது பிடித்திருக்கிறது என்றால் அது ஆராய்ச்சி ஆர்வம் அல்ல. நல்ல சாஃப்ட்வேர் இன்ஜினியரின் ஆர்வம். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு பிஎச்டியில் சேர்ந்து தவிக்கும் பிள்ளைகளைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

வேலை எப்படி இருக்கும் என்பது இவ்வளவு. வாசல் எங்கே இருக்கிறது என்பது வேறு கணக்கு. மூன்றுக்கும் அது ஒன்றுபோல் இல்லை.

சாஃப்ட்வேர் வேலைக்கு வாசல் கல்லூரிக்குள்ளேயே திறக்கிறது. ஏழாம் செமஸ்டர் வளாக நேர்காணலில் பெரும்பாலான இடங்கள் இதற்குத்தான். ஆன்லைன் தேர்வு, டேட்டா ஸ்ட்ரக்சர் கேள்விகள், பிறகு உங்கள் பிராஜெக்ட் பற்றிய பேச்சு என்று போகும். அந்தப் பேச்சில் "சர்வர் பாதியில் நின்றால் என்ன ஆகும்?" என்று கேட்டால் விடை சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

டேட்டா வேலையில் பெயரை நம்பக் கூடாது. ஆஃபர் லெட்டரில் டேட்டா சயின்டிஸ்ட் என்று இருக்கும். போய்ப் பார்த்தால் வாரா வாரம் அதே அறிக்கையை எக்செல்லில் தயாரிக்கும் வேலையாக இருக்கலாம். டேட்டா அனலிஸ்ட் என்ற சாதாரணப் பெயரில் மேலே சொன்ன எஸ்எம்எஸ் புதிரைப் போன்ற நல்ல வேலையும் இருக்கலாம். நேர்காணலின் முடிவில் "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். போன மாதம் இந்தக் குழு செய்த ஒரு ஆய்வால் கம்பெனியில் எந்த முடிவு மாறியது என்று கேளுங்கள். தயங்காமல் ஒன்றைச் சொன்னால் அங்கே வேலை இருக்கிறது. டேட்டா எந்த டேட்டாபேஸிலிருந்து வருகிறது, அதை யார் சுத்தம் செய்கிறார்கள் என்றும் கேளுங்கள். அதற்கு ஆளே இல்லை என்றால், முதல் வருடம் முழுக்க அந்த ஆள் நீங்கள்தான். அது கெட்ட வேலை அல்ல. டேட்டா இன்ஜினியரிங் என்று அதற்குத் தனிப் பெயரே உண்டு. ஆனால் தெரிந்து போக வேண்டும். புள்ளியியலில் அடித்தளம் பலவீனம் என்று நினைப்பவர்கள் சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் கழகத்தின் டேட்டா சயின்ஸ் எம்எஸ்சி போன்ற படிப்பைப் பார்க்கலாம்.

ஆராய்ச்சிக்கு வளாக நேர்காணல் என்ற ஒன்று பெரும்பாலும் கிடையாது. இளநிலைப் பட்டத்தோடு நேரே ஆராய்ச்சியாளர் பதவி கிடைப்பது மிக அரிது. நடைமுறையில் உள்ள வழி இரண்டு. ஒன்று, ஓரிரண்டு வருடம் ஆராய்ச்சிக் குழுவோடு சேர்ந்து வேலை பார்ப்பது. பெங்களூரில் உள்ள மைக்ரோசாஃப்ட் ரிசர்ச்சும் கூகுள் ரிசர்ச்சும் பட்டதாரிகளை இப்படி எடுக்கின்றன. ஐஐடி பேராசிரியர்களின் திட்டங்களில் பிராஜெக்ட் அசோசியேட் இடங்களும் வரும். இன்னொன்று, மேற்படிப்பு: சென்னை ஐஐடியின் ஆராய்ச்சி சார்ந்த எம்எஸ், பெங்களூர் ஐஐஎஸ்சியின் எம்டெக், அல்லது வெளிநாடு. உள்ளூர்ப் படிப்புகளுக்குப் பெரும்பாலும் கேட் தேர்வு வேண்டும். 2024இலிருந்து டேட்டா சயின்ஸ்-ஏஐக்கென்று தனித் தாள் இருக்கிறது. அதில் நிகழ்தகவும் லீனியர் அல்ஜீப்ராவும் கனமாக வரும். தேர்வு பிப்ரவரியில் என்றாலும் விண்ணப்பம் வளாக நேர்காணல் காலத்திலேயே முடிந்துவிடும். வேலை கிடைத்ததா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று இருந்தவர்கள் ஒரு வருடத்தை இழக்கிறார்கள்.

இன்னும் முடிவுக்கு வரவில்லை என்றால் எது பாதுகாப்பு? என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: சாஃப்ட்வேர். ஊதியத்துக்காகச் சொல்லவில்லை. அங்கிருந்து மற்ற இரண்டுக்கும் போகும் பாதை இருக்கிறது. இரண்டு வருடம் உருப்படியாக கோட் எழுதியவர் டேட்டா குழுவுக்கு மாறுவது ஒரே கம்பெனிக்குள்ளேயே நடக்கும். ஆராய்ச்சிக் குழுக்களுக்கும் சோதனைகளைப் பிசகில்லாமல் ஓட்டத் தெரிந்தவர் தேவை. எக்செல் அறிக்கையிலேயே இரண்டு வருடம் இருந்துவிட்டு இன்ஜினியரிங்குக்கு வருவது அதைவிடக் கடினம். எஸ்எம்எஸ் கணக்கு திரும்பிய இடத்தைப் படித்தபோது உங்களுக்கே கோப்பை இறக்கிப் பார்க்கத் தோன்றியிருந்தால் மட்டும் இந்த யோசனையை ஒதுக்கிவிடுங்கள்.

அந்தக் கோப்பை இறக்குங்கள். ஒரு வார இறுதியில் எஸ்எம்எஸ் கேள்விக்கு ஒரு பக்க விடை எழுதுங்கள். அடுத்த வாரம், பாதியில் நிறுத்தி மறுபடி ஓட்டினாலும் கெடாத நினைவூட்டல் புரோகிராம் ஒன்றைக் கட்டுங்கள். நிஜ எஸ்எம்எஸ் வேண்டாம், ஒரு கோப்பில் எழுதினால் போதும். அதற்கடுத்து, கலப்புத் தமிழைப் பற்றிய ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையை எடுத்து, அதில் உள்ள ஒரே ஒரு எண்ணை உங்கள் கணினியில் திரும்பக் கொண்டுவர முயலுங்கள். எந்த வாரத்தில் சாப்பாட்டு நேரம் மறந்தது என்பதைக் கவனியுங்கள். மூன்றும் அப்படியே ஃபைனல் இயர் பிராஜெக்டாகவும் வளரக்கூடியவை.

ஆராய்ச்சிப் பக்கம் மனம் போனால் ஒரு வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். விண்ணப்பங்களில் பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள், வெளிநாட்டுப் படிப்புகளுக்கு வழக்கமாக மூன்று. "நன்றாகப் படிப்பவர்" என்ற கடிதத்தால் பயனில்லை. உங்களோடு உட்கார்ந்து ஒரு முடிவு ஏன் தவறானது என்று பேசியவர் எழுதும் கடிதம்தான் எடுபடும். அப்படி ஒருவராவது வேண்டுமென்றால் ஏழாம் செமஸ்டர் தொடக்கத்திலேயே பிராஜெக்ட் கைடிடம் போய், வாரம் ஒரு மணி நேரம் தர முடியுமா என்று கேட்டுவிடுங்கள். பல பல்கலைக்கழகங்களுக்கு டிசம்பரிலேயே கடிதம் போய்ச் சேர வேண்டியிருக்கும்.